வெறும் வயிற்றில் எடு…

ஆசிரியருக்கு,

வணக்கம். உடல்நலச் செயலிகள் தமிழில் வரத் தொடங்கியிருப்பதைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் வருவது நல்லதுதான். ஆனால் வந்த தமிழ் ஒரு செல்போன் திரைக்குள் எப்படி உட்கார்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பேச்சு தமிழ், போர்டு மலையாளம், பெரிய நோய் என்றால் பொள்ளாச்சியோ கோவையோ, அப்படிப்பட்ட ஊர். மாத்திரை கேட்டு வருகிறவர்கள் சீட்டைக் காட்டுகிற மாதிரியே இப்போது செல்லையும் நீட்டுகிறார்கள். அதனால் இந்தத் தமிழைத் தினமும் படிக்கிறவன் நான்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தைராய்டுக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். முதலாவதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிபன். இரண்டாவது நேர் எதிர், சாப்பாட்டோடோ சாப்பிட்டதுமோ போட வேண்டும், காலி வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும், வயிற்றுப்போக்கு வரும். அவர் காட்டிக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் செயலியைப் பேரன் செல்லில் ஏற்றிக் கொடுத்திருந்தான். பத்து நாள் கழித்துப் பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். இரண்டு மாத்திரையையும் விடிந்ததும் ஒன்றாகவே போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "செல்லுல வெறும் வயித்துலன்னுதானே சாமி போட்டிருக்கு" என்கிறார்.

செல்லை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னதில் தவறே இல்லை. செயலி அனுப்பிய இரண்டு செய்திகள் இவை:

"இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ள வேண்டும்"

"இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ளக் கூடாது"

இரண்டுமே பிழையில்லாத தமிழ். பூட்டிய திரையில் ஒரு வரிக்குத்தான் இடம், பெரியம்மா எழுத்தை வேறு பெரிதாக வைத்திருக்கிறார், அதனால் இரண்டும் ஒரே மாதிரி இப்படித் தெரிந்தன: "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் எடு…". இரண்டாவது செய்தி நேர் எதிரான கட்டளையாகவே மாறி நிற்கிறது. திறந்து பார்த்தால் முழுசாக இருக்கும், சரி, ஆனால் அவர் எதற்குத் திறக்க வேண்டும்? "எடு" என்று முடிந்துவிட்டதே.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும், வேண்டுமா கூடாதா என்பது அதற்கும் கடைசியில் வரும். திரை வெட்டுவதும் கடைசியைத்தான். ஆங்கிலத்தில் "செய்யாதே" என்பது வாக்கியத்தின் தலையிலேயே இருக்கும், வால் போனாலும் பெரிதாகக் கெடாது. அந்த மாதிரி எழுதப்பட்ட வரியை வரிசை மாற்றி ஒழுங்கான தமிழாக்கி, அதற்கு ஒதுக்கிய அதே இடத்தில் வைத்தால் வெட்டுப்படுவது "கூடாது" என்கிற சொல்தான். எனவே நினைவூட்டல் செய்தியில் "கூடாது", "வேண்டாம்", "தவிர்க்கவும்" எதையும் நம்பி வாக்கியம் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எப்போது போட வேண்டுமோ அந்த நேரத்தையே முதல் சொல்லாக்கி, வினையே இல்லாமல் எழுதலாம்:

"வெறும் வயிற்றில்: தைராய்டு மாத்திரை"

"சாப்பிட்ட பின்: சர்க்கரை மாத்திரை"

இதில் எங்கே வெட்டினாலும் பொருள் தலைகீழாகாது. முதல் சொல்லிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பழைய செய்திகளில் பாதிக்கு மேல் தாண்டி, "எடுத்துக்கொள்ள" முடிகிற இடம் வரைக்கும் வேறுபாடே கிடையாது. இன்னொரு லாபமும் உண்டு. "எடு" என்றால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் நீளம். வினையே இல்லையென்றால் அந்தச் சங்கடமும் இல்லை.

நோயின் பெயரைத் திரையில் போடலாமா என்று கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். சர்க்கரையும் தைராய்டும் எங்கள் ஊரில் யாரும் மறைப்பதில்லை, காசநோய் மாத்திரை போடுகிறவர் அப்படி நினைக்க மாட்டார். பூட்டிய திரையில் என்ன பெயர் தெரிய வேண்டும் என்பதை அவரே எழுதிக்கொள்ள ஒரு கட்டம் கொடுத்துவிட்டால் போதும், "காலை மாத்திரை" என்றோ "சிவப்பு மாத்திரை" என்றோ வைத்துக்கொள்வார்.

அப்புறம் பொத்தான்கள். அதே செயலியில் "மெட்ஃபார்மின் 500" என்று எழுதி அதன் கீழே "எடுக்கப்பட்டது" என்று ஒன்று, "தவிர்" என்று ஒன்று. ஸ்கிப் என்பதற்குத் தவிர் என்று போட்டிருக்கிறார்கள். மருந்தின் பெயருக்குக் கீழே தவிர் என்று இருந்தால் இந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும், என்னிடமே இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நினைவூட்டச் சொல்கிற ஸ்னூஸுக்கு "உறக்கநிலை". வார்த்தைப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, எந்தத் திரையில், எதன் கீழே வரும் என்று காட்டாமல் மொழிபெயர்க்கச் சொன்னால் இதுதான் நடக்கும், மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வியும் தொந்தரவுதான். சோற்றையா, மாத்திரையையா? நம் ஊரில் இரண்டுக்கும் அதே சொல். கடையில் நாங்கள் கேட்பது "மாத்திரை போட்டாச்சா?" என்றுதான், ஊசிக்கும் "போட்டாச்சா" பொருந்தும், சொட்டு மருந்துக்கு மட்டும் "விட்டாச்சா". அதனால் பொத்தானில் "போட்டாச்சு" என்றே வைக்கலாம். பேச்சுவழக்கு என்று தயங்குகிறவர்கள் "போட்டேன்" வைக்கிறார்கள், அதுவும் சின்னதுதான். ஆனால் பல வீட்டில் பொத்தானை அமுக்குவது பேரனோ மருமகளோ, பாட்டி போட்ட மாத்திரைக்கு அவர்கள் "போட்டேன்" என்று அமுக்குவது உறுத்தும். "போட்டாச்சு" யார் அமுக்கினாலும் சரியாக இருக்கிறது. பக்கத்தில் "போடவில்லை" என்று வைக்காதீர்கள், இரண்டும் "போ" என்றே தொடங்கும், கண் மங்கினவருக்கு ஒன்று போலத் தெரியும். "இல்லை" போதும். மூன்றாவது "அப்புறம்".

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இதே நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸாக வருகிறது. அதில் ஆங்கில எழுத்தென்றால் ஒரு செய்திக்கு 160, தமிழென்றால் 70தான். அந்த 70கூட நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. "மாத்திரை" நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு 8 குறி, காலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். 70ஐத் தாண்டினால் செய்தியைத் துண்டாக்கி அனுப்புவார்கள், ஒட்டுவதற்கும் கொஞ்சம் இடம் போய் ஒரு துண்டுக்கு 67. ஒரு வாடிக்கையாளருக்கு வந்தது இது: "அன்புள்ள பயனாளரே, தங்களுக்கு பரிந்துரைக்கப்பட்ட மருந்தினை உரிய நேரத்தில் தவறாமல் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." எண்ணிப் பார்த்தேன், 129 குறி, அதாவது இரண்டு செய்திக்கான காசு. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது, மூன்றுமே அதில் கிடையாது. "காலை: சாப்பிட்ட பின் 1 மாத்திரை" என்பது 31 குறி. மீதி 39இல் ஆஸ்பத்திரி பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. முகவரியில் கேரளம் என்று பார்த்ததும் பல செயலிகள் மலையாளத்தைத் தானாகவே வைத்துவிடுகின்றன. மலையாளத்தில் "ராவிலெ" என்றால் காலையில். நம் காதுக்கு அது ராத்திரி. வீட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளை செய்தியை வாசித்துக் காட்டும், "ராவிலெ ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று, கேட்கிற பாட்டிக்கு இரண்டுமே ராத்திரிதான். நர்ஸ் வாயால் சொல்லும்போதும் இதே குழப்பம் வரும், அங்கே திரும்பக் கேட்டுக்கொள்ளலாம், செய்தியிடம் கேட்க முடியாது. ஆகவே மொழியை ஆளிடம் கேட்டு வையுங்கள், பின்கோடைப் பார்த்து வைக்காதீர்கள். தினசரி அட்டவணைத் திரையில் 1-0-1 என்று மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரியே காட்டலாம். காலை, மதியம், இரவு என்ற அந்த வரிசை எழுத்துத் தெரியாதவருக்கும் இங்கே பழக்கம், அதைவிடச் சின்னதாக யாராலும் எழுத முடியாது.

சோதித்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை. விலை குறைந்த ஒரு செல்லில் எழுத்தளவை ஆகப் பெரியதாக வைத்து, செய்தியை அனுப்பி, பூட்டியபடியே அறுபது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். "புரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "இதைப் பார்த்து இப்ப என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பொத்தானையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆங்கிலத்துக்கென்று உயரம் வைத்த பொத்தானில் தமிழின் மேல் புள்ளியும் கீழ்க் கொக்கியும் வெட்டுப்படும், "சர்க்கரை"யில் புள்ளி போய் "சரககரை" என்று நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குச் சொல்லை மாற்றிப் பயனில்லை, பொத்தானின் உயரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார். செயலியில் மருந்தின் பெயரை நாமே எழுதுகிற கட்டம் ஒன்று இருந்தது, அதில் "டிபனுக்கு அப்புறம்" என்றும் "எந்திரிச்சதும்" என்றும் பேரனை எழுத வைத்தேன், அது செய்தியின் தலைப்பாக வருகிறது. ஆஸ்பத்திரிக்கும் இரண்டு வரியையும் மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். கீழே இருக்கும் "எடு…" இன்றைக்குக் காலையிலும் அப்படியேதான் வந்தது.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்