கட்டி எங்கே இருக்கிறது என்று கேள்

மல்லாவி

அன்புள்ள மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் போட்ட ஸ்கான் அறிக்கையைக் கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தேன். கர்ப்பப்பையின் பின்சுவரில் 4.2 சென்ரிமீற்றரில் ஒரு ஃபைப்ரோயிட் கட்டி, வலது சூலகத்தில் 3 சென்ரிமீற்றரில் ஒரு நீர்க்கட்டி. நீ அந்த 4.2 ஐப் பிடித்துக்கொண்டு அழுகிறாய். உன் மாமி, வெட்டி எடுத்துப்போட்டுப் பிள்ளையைப் பற்றி யோசி என்று சொன்னாவாம். அவ சொன்னதைக் கொஞ்சம் தள்ளி வை. இத்தனை வருடம் மிட்வைஃபாக இந்த ஊர்களில் திரிந்தவள் சொல்கிறேன், முதலில் கேட்கவேண்டியது கட்டி எங்கே இருக்கிறது என்பதை. எவ்வளவு பெரிது என்பது அதற்குப் பிறகுதான்.

கர்ப்பப்பை தசையால் ஆன தடித்த சுவர். உள்ளே, கரு வந்து ஒட்டுகிற சிறிய அறை. ஃபைப்ரோயிட் அந்தத் தசையிலிருந்துதான் வளர்கிறது, புற்றுநோய் அல்ல. சுவரின் வெளிப்பக்கம் புடைத்திருந்தால் கரு தங்குவதற்கு அது பெரும்பாலும் இடைஞ்சல் செய்யாது. வீட்டின் வெளிச்சுவரில் முட்டுக்கொடுத்த கல் உள்ளே படுத்திருப்பவரின் நித்திரையைக் குழப்பாதே, அப்படித்தான். ஆனால் உள் அறைக்குள் பிதுங்கி நின்றால், 2 சென்ரிமீற்றர் என்றாலும் கரு ஒட்டுவதைக் கெடுக்கும், ஒட்டினாலும் கலைந்துபோகக்கூடும். சுவருக்குள்ளேயே புதைந்திருப்பது இரண்டுக்கும் நடுவில். அது உள் அறையின் வடிவத்தை அமுக்கி வளைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

எங்கள் கிளினிக்குக்கு வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்திக்கு 8 சென்ரிமீற்றர் கட்டி, மேல்பக்கம் வெளியே புடைத்தது. கையை வைத்தாலே தட்டுப்படும். கர்ப்பம் தங்கியது, பிள்ளையும் சுகப்பிரசவம். மற்றவள் குளத்தடிப் பிள்ளை. தீட்டு வந்தால் இரத்தம் கட்டிகட்டியாகப் போகும், மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்றுவாள். ஹீமோகுளோபின் 7.8. இரண்டு தரம் கலைந்தது. வயிற்றுக்கு மேலால் செய்த ஸ்கானில் சின்னக் கட்டி, பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு டொக்டர் யோனி வழியாக ஸ்கான் செய்தபோதுதான் அது பாதிக்கு மேல் உள் அறைக்குள் நிற்பது தெரிந்தது. வயிற்றில் வெட்டே இல்லாமல், கமெரா வைத்த குழாயைக் கீழ்வழியாக விட்டுச் சீவி எடுத்தார்கள். இரத்தத்தை ஏற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த வருடம் கர்ப்பமானாள். இரத்தப்போக்கின் அளவைப் பார்த்தே எனக்கு அவளில் சந்தேகம் இருந்தது. வெளியே புடைத்த கட்டி அப்படிக் கொட்டச் செய்வது குறைவு.

உன் அறிக்கையில் சுவருக்குள் என்று இருக்கிறது. உள் அறை வளைந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே ஸ்பெஷலிஸ்ட்டிடம் அதைத்தான் கேள். சந்தேகம் இருந்தால் உப்புநீர் ஸ்கான் செய்வார்கள். தீட்டு நின்ற சில நாட்களுக்குள், மெல்லிய குழாயால் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் உப்புநீர் விட்டு, யோனி வழியாக ஸ்கான் பார்ப்பார்கள். நீர் உள்ளே போனதும் அறை விரியும், கட்டி எட்டிப் பார்க்கிறதா என்று திரையில் தெளிவாகத் தெரியும். தீட்டு நோ போல் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

அறை சரியாக இருந்தால் ஒப்பரேஷனுக்கு அவசரப்படாதே. அறையை வளைக்காத கட்டியை எடுத்தால் கர்ப்பம் தங்கும் வாய்ப்புக் கூடும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. எடுப்பதற்கோ விலை உண்டு. வயிற்றைத் திறந்தோ துளைபோட்டோ தசையை வெட்டித் தைத்தால் பிறகு சில மாதம் கர்ப்பமாகாமல் காத்திருக்கச் சொல்வார்கள். தையல் ஆழமென்றால் பிரசவமும் சிசேரியன்தான், வலியில் அந்த இடம் கிழிந்துவிடக்கூடாதே என்று. உள்ளே ஒட்டுதல்களும் வரலாம். உனக்கு 33 வயது, சும்மா கழிக்கிற மாதங்களுக்கும் கணக்கு இருக்கிறது.

இன்னொன்று, கோபிக்காதே. ஸ்கானில் ஒரு கட்டி தெரிந்தால் போதும், பழி முழுக்கப் பெண்ணில் விழுந்துவிடும். மருமகனின் விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா? சாதாரணப் பரிசோதனை, வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. அதைப் பார்க்காமலும், உன் முட்டை வரும் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்காமலும் கத்தி எடுக்க விடாதே. ஒரு வருடம் முயற்சி செய்தும் தங்கவில்லை என்றால் இரண்டு பேரையும்தான் பார்க்கவேண்டும்.

நீர்க்கட்டியைப் பற்றி நீண்ட கதை தேவையில்லை. உள்ளே வெறும் நீர், மெல்லிய சுவர், 3 சென்ரிமீற்றர் என்றால் அந்த மாதத்து முட்டைப்பை அப்படியே நின்றுவிட்டிருக்கும். பெரும்பாலும் தானாக வற்றிவிடும். திரும்பப் பார்ப்பதென்றால் இரண்டு மூன்று மாதம் விட்டுப் பார்க்கலாம். அறிக்கையில் சொக்லேட் சிஸ்ட், அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி, என்று எழுதியிருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். அதை உரித்து எடுக்கும்போது நல்ல முட்டைகளும் சேர்ந்து போகக்கூடும். முதலில் முட்டை இருப்பைப் பார்க்கவேண்டும். எந்த நீர்க்கட்டி என்றாலும், திடீரென ஒரு பக்கம் தாங்கமுடியாத குத்தும் வாந்தியும் வந்தால் சூலகம் முறுக்கிக்கொண்டதோ என்று உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. விடியட்டும் என்று இருக்காதே.

பெரியம்மா கழற்சிக்காய்த் தூள் அனுப்பப்போகிறாவாம், யூடியூபில் பார்த்துவிட்டு. அது ஃபைப்ரோயிட்டைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பத்துக்கு முயலும் நாட்களில் தெரியாத தூள் வேண்டாம். அவவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லாதே.

கர்ப்பம் தங்கிய பிறகு இந்தக் கட்டி என்ன செய்யும் என்று கேட்டாய். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு நடுமாதங்களில் கட்டிக்குப் போகிற இரத்தம் குறைந்து அது உள்ளே சிதையும். கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் கடுமையான நோ, சில வேளை இலேசான காய்ச்சல். ஓய்வும் பனடோலும் போதும், அனேகமாகச் சில நாட்களில் தணியும். ஆனால் டொக்டரிடம் காட்டு, ஏனென்றால் பிரசவ வலியும் நச்சுக்கொடி கழன்ற நோவும் இதைப்போலவே தொடங்கலாம். இபுபுரோஃபென் மட்டும் கேட்காமல் போடாதே. கட்டி கீழே, கர்ப்பப்பையின் கழுத்துப் பக்கம் இருந்தால்தான் பிள்ளையின் தலை இறங்க இடமில்லாமல் சிசேரியன் வரும். உன்னுடையது பின்சுவரில் மேலேயா கீழேயா என்றும் கேட்டுவிடு. பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் கூடப் போகலாம் என்பதால் கட்டி இருப்பதைப் பிரசவ அறையில் எல்லோருக்கும் தெரியப்படுத்து.

உனக்குத் தீட்டில் கூடப் போகிறதா? அதைப்பற்றி நீ எழுதவில்லை. போகிறதென்றால் உப்புநீர் ஸ்கானை இன்னும் அழுத்திக் கேள், ஹீமோகுளோபினோடு இரும்பு இருப்பையும் பார்க்கச் சொல். ஃபோலிக் அசிட்டை இன்றைக்கே தொடங்கு.

ஸ்பெஷலிஸ்ட்டின் திகதி கிடைத்ததும் சொல். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போ, மருமகனையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா