750 வாட் மிக்சி என்று விற்று 500 வாட் அனுப்பிய விற்பனையாளருக்கு

வணக்கம்.

நான் ஆர்டர் செய்தது 750 வாட் மிக்சி, வந்திருப்பது 500 வாட். கம்பெனியும் நிறமும் ஒன்றுதான், முன்பக்கம் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் படங்களோடு எழுதுகிறேன், ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் படம் உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இரண்டாவது பில். இரண்டிலும் ஒரே மாடல் எண், 750 வாட். மூன்றாவது படம்தான் முக்கியம். மிக்சியைக் கவிழ்த்து வைத்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை எடுத்தது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 500 வாட் என்று அதில் அச்சாகியிருக்கிறது, மாடல் எண்ணும் வேறு. ஆனால் அட்டைப்பெட்டி மேல் 750 என்று ஒரு ஸ்டிக்கர்! அதன் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அடியில் இன்னொரு ஸ்டிக்கர் தெரிவது நான்காவது படத்தில் இருக்கிறது. நான் அதை உரிக்கவில்லை, நீங்களே ஆள் அனுப்பி உரித்துப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய டெக்னீஷியன் வந்தார், சுவிட்சைப் போட்டார், மோட்டார் சுற்றியது, குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சுற்றவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ரிட்டர்ன் போடும்போது 'தவறான பொருள்' என்றுதான் காரணம் கொடுத்தேன், அதைப் 'பழுது' என்று மாற்றிப் பதிந்தது உங்கள் பக்கம். அடித்தகட்டைப் பாருங்கள் என்று கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்றார் அவர்.

500 வாட் சட்னிக்குப் போதும். எங்கள் வீட்டில் உளுந்து மாவும் மிளகாய்ப் பொடியும் மிக்சியில்தான் அரைக்கிறோம், கெட்டி மாவைத் தொடர்ந்து ஓட்டினால் சின்ன மோட்டார் சூடேறி ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து நின்றுவிடும். அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து 750 வாங்கினேன். இதில் எதையும் அரைத்துப் பார்க்கவில்லை, ஜார்கள் கவர் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, பயன்படுத்திய பொருள் என்று அப்புறம் சொல்லிவிடாதீர்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளில், விளம்பரப்படுத்திய அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. பொருள் பழுதாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. புகார் வந்து சேர்ந்ததை உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

பில்லில் இருக்கும் அதே மாடலை அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் தாருங்கள். வித்தியாசத் தொகைக்குக் கூப்பன் தருகிறோம் என்பதெல்லாம் வேண்டாம். எடுக்க வருபவர் என் முன்னால் அடித்தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு ரசீது தந்தால்தான் மிக்சியைக் கொடுப்பேன். 48 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் இதே படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும்.