டிஎம் பண்ணுங்கன்னு சொன்னா பிரச்சனை தீர்ந்துடுச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பத்திரிகைல அந்த வாஷிங் மெஷின் வீடியோ பத்தி செய்தி போட்டிருந்தீங்க. ஸ்பின் ஓடும்போது மெஷின் எகிறி எகிறி குதிச்சு கதவு வரைக்கும் நகர்ந்து போகுமே, ஊரே ஷேர் பண்ணுச்சே, அதுதான். செய்தியோட கடைசி வரி "நிறுவனம் உடனடியாகப் பதிலளித்து வாடிக்கையாளரின் பிரச்சனையைத் தீர்த்துவைத்தது". இத படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. நான் அந்த வீடியோவுக்குக் கீழ போய் நிறுவனத்தோட பதில படிச்சேன். இப்படி நடந்ததுக்கு வருந்துறோம், உங்க ஆர்டர் நம்பரையும் போன் நம்பரையும் டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல அனுப்புங்க, எங்க டீம் தொடர்பு கொள்ளும். அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. தீர்த்துவச்சாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது? வீடியோ போட்ட அந்தம்மாவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா இதே மாதிரி பதில் எனக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஃப்ரன்ட் லோடு மெஷினும் இப்படித்தான், துவைக்கிறப்போ ஒண்ணும் தெரியாது, ஸ்பின் ஆரம்பிச்சா வீடே அதிரும். கஸ்டமர் கேர்ல கூப்பிட்டா பாட்டு போட்டே காக்க வச்சாங்க, அப்புறம்தான் அவங்க பக்கத்துல பொதுவுல எழுதினேன். பதில் நிமிஷத்துல வந்துச்சு. டிஎம்ல போனா எல்லாம் வேற. பில் போட்டோ கேட்டாங்க, சீரியல் நம்பர் கேட்டாங்க, அடுத்த நாள் வேற ஒருத்தர் வந்து அதையே திரும்ப கேட்டார், அப்புறம் "உங்களிடமிருந்து பதில் வராததால் புகார் முடிக்கப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ். நான் அனுப்பின எல்லாமே அதே சாட்ல மேலயே இருக்கு! ஆனா பொதுவுல பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும்? இவ கேட்டா, அவங்க உடனே கவனிச்சுட்டாங்க, அப்படித்தானே தெரியும்.

கடைசில வேற இடத்துலேர்ந்து ஒரு மெக்கானிக்க வரவழைச்சேன். மெஷின சுவத்தவிட்டு இழுத்து பின்னாடி பார்த்தவர், பார்த்த உடனே சொல்லிட்டார், டிரான்சிட் போல்ட்ட கழட்டவே இல்லன்னு. ஃபேக்டரிலேர்ந்து வரும்போது உள்ள டிரம் ஆடி உடைஞ்சிடக் கூடாதுன்னு பின்பக்கம் மூணோ நாலோ நீள போல்ட்டு போட்டு இறுக்கி அனுப்புவாங்களாம். வீட்டுல பொருத்துற ஆள் முதல் வேலையா அத கழட்டி அந்த ஓட்டைகள பிளாஸ்டிக் மூடியால அடைக்கணும். அப்பதான் டிரம் ஸ்பிரிங்லயும் டேம்பர்லயும் நின்னு ஆட்டத்த தாங்கும். கழட்டலன்னா அவ்வளவு அதிர்வும் பாடிக்கு நேரா வந்து மெஷினே நடக்க ஆரம்பிச்சிடும், அப்படியே ஓட்டினா டேம்பரும் பேரிங்கும் போயிடும். எங்களுக்கு போயிடுச்சு. பொருத்தினது அவங்க ஆள்தான், ஆனா "தவறான பயன்பாடு, வாரன்ட்டில வராது"ன்னு அதே டிஎம்ல பதில்.

அந்தம்மா மெஷினுக்கும் இதே காரணமான்னு வீடியோவ வச்சு என்னால சொல்ல முடியாது. கால் லெவல் இல்லாம இருந்தாலும் நகரும், ஒரே ஒரு கனமான போர்வைய போட்டாலும் ஆடும். ஆனா நிறுவனத்துக்கு இதெல்லாம் தெரியும்ல? "மெஷின ஓட்டாதீங்க, பின்னாடி போல்ட்டு இருக்கான்னு பாருங்க, நாளைக்கு எங்க டெக்னீஷியன் வருவார்"னு பொதுவுலயே எழுதியிருந்தா, அத படிச்சு எத்தனையோ பேர் அவங்கவங்க மெஷினுக்குப் பின்னாடி போய் பார்த்திருப்பாங்க. போல்ட்டு பத்தி சொல்றதுல என்ன ரகசியம் இருக்கு? போன் நம்பர், அட்ரஸ், ஆர்டர் நம்பர் இதெல்லாம் பொதுவுல போடக் கூடாது, ஒத்துக்கிறேன், அத டிஎம்ல வாங்கட்டும். ஆனா மெஷினுக்கு என்ன கோளாறுங்கிறதையும் சேர்த்து ஏன் உள்ள இழுத்துட்டுப் போறாங்க?

என் அண்ணன் பொண்ணு இப்படி பதில் எழுதுற ஒரு டீம்ல வேலை பார்த்தவ. அவ சொன்னா, எவ்வளவு சீக்கிரம் முதல் பதில் போச்சுங்கிறதத்தான் அங்க அளப்பாங்களாம். டிஎம்முக்கு வாங்கன்னு எழுதிட்டா பொதுவுல இருக்கிற புகார் கணக்குல முடிஞ்சிடும். டெக்னீஷியன அனுப்புற அதிகாரம் அந்த டீமுக்கு கிடையாது, இன்னொரு டீமுக்கு புகார் டிக்கெட் போட்டு தள்ளிவிடுவாங்க, அந்த டீம் வீடியோவ பார்த்திருக்கக்கூட மாட்டாங்க, அதனாலதான் நம்மகிட்ட மறுபடி மறுபடி அதையே கேட்கிறாங்க. யாருக்கு ஃபாலோவர் அதிகமோ அவங்க புகார் முதல்ல மேல போகுமாம். பாவம், அங்க உக்காந்து பதில் எழுதுற பொண்ண திட்டி என்ன ஆகப்போகுது.

இதுல இன்னொரு ஆபத்து வேற இருக்கு, நீங்க அதையும் எழுதல. இப்படி வைரலாகிற வீடியோவுக்குக் கீழ நிறுவனத்தோட லோகோவ போட்டுக்கிட்டு, பேர்ல ஒரு எழுத்த மாத்திக்கிட்டு மோசடிக்காரங்க வந்து அதே வாசகத்த எழுதுறாங்க, டிஎம்முக்கு வாங்கன்னு. பணம் திருப்பித் தர்றோம்னு சொல்லி ஒரு லிங்க் அனுப்புவாங்க, போன்ல ஒரு ஆப்ப போடச் சொல்லுவாங்க, ஓடிபி கேட்பாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படித்தான் மாட்டினார். புதுசா ஆரம்பிச்ச கணக்கா, பழைய பதிவு ஏதாவது இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சிடும், நிறுவனத்தோட வெப்சைட்லேர்ந்து அவங்க பக்கத்துக்குப் போனா இன்னும் நல்லது. ஆனா நொந்து போய் புகார் போட்ட மனுஷன் அதெல்லாம் பார்ப்பாரா? நிஜ நிறுவனமும் இதே ரெண்டு வரியத்தானே எழுதுது, அவர் எப்படி கண்டுபிடிப்பார்?

வேற மாதிரி பண்ண முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர்ல ஃபெடெக்ஸ் ஆள் ஒருத்தர் கம்ப்யூட்டர் மானிட்டர் பார்சல கேட்டுக்கு மேல தூக்கி வீசினது கேமராவுல பதிவாகி யூடியூப்ல பரவினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சில நாள்லயே அந்த கம்பெனியோட சீனியர் வைஸ் பிரசிடென்ட் மேத்யூ தார்ன்டன் தானே கேமரா முன்னாடி வந்து மன்னிப்பு கேட்டார். அந்த வாடிக்கையாளர நேர்ல சந்திச்சுட்டோம், மானிட்டர மாத்திக் கொடுத்துட்டோம், அந்த ஆள் மேல நடவடிக்கை எடுக்குறோம், இந்த வீடியோவ எங்க ஊழியர்களுக்கே போட்டுக் காட்டுறோம்னு சொன்னார். வாடிக்கையாளரோட பேசினது தனியாத்தான், அவர் பேரக்கூட வெளில சொல்லல. ஆனா என்ன முடிவாச்சுங்கிறத எல்லாரும் பார்க்கிற இடத்துக்கே திரும்ப வந்து சொன்னாங்க. இந்த வாஷிங் மெஷின் கம்பெனி திரும்ப வந்துச்சா? நான் இன்னிக்கு காலைலகூட பார்த்துட்டேன், அந்த ரெண்டு வரிக்குக் கீழ நிறுவனத்துலேர்ந்து ஒண்ணுமே இல்ல. அந்தம்மா "டிஎம் அனுப்பிட்டேன், பதில் இல்ல"ன்னு எழுதியிருக்காங்க, அதுக்கும் பதில் இல்ல.

உங்க பத்திரிகைல அச்சாகிறத நம்பித்தான் நாங்க பொருள் வாங்குறோம். நீங்களே தீர்ந்துடுச்சுன்னு எழுதிட்டா அதுக்கப்புறம் அந்தம்மா யார்கிட்ட போய் நிப்பாங்க? தயவுசெஞ்சு உங்க நிருபர அவங்ககிட்ட பேசச் சொல்லுங்க. மெஷின பார்க்க யாராவது வந்தாங்களா, என்ன கோளாறு, மாத்திக் கொடுத்தாங்களான்னு கேட்டு, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்துல நாலு வரி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி