அந்த 180 ரூபாய் எங்கே போனது? புது உறுப்பினர் வீடியோ குறித்து நம் கூட்டமைப்புக்கு ஒரு மடல்

நம் ஊராட்சி அளவிலான மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் தலைவி அக்காவுக்கும், செயலாளருக்கும், பொருளாளர் மதினிக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

குழு விதிமுறைகளை மூன்று நிமிட வீடியோவாக எடுத்துப் புது உறுப்பினர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தீர்கள். முதல் வரைவை எனக்கும் கொடுத்தீர்கள். நான் செக்கானூரணிப் பக்கம் ஒன்பது வருடமாகக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். வரைவைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

வரைவு விதிப் புத்தகத்தை அப்படியே வாசிக்கிறது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், முறையான திருப்பிச் செலுத்தல், முறையான பதிவேடு என்று பஞ்சசூத்திரத்தை வரிசையாகச் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு வரவேண்டும், சந்தா கட்டவேண்டும் என்பது குழுவில் சேர வருகிறவளுக்குத் தெரியும். அவள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். விதிப் புத்தகத்தில் அது இப்படி இருக்கிறது: “உறுப்பினர் செலுத்தும் தொகை முதலில் அபராதத்திற்கும், பின்னர் நிலுவை வட்டிக்கும், எஞ்சியது அசலுக்கும் வரவு வைக்கப்படும். வட்டி குறைந்துவரும் அசலின் மீது கணக்கிடப்படும்.” வரைவில் இந்த இரண்டு வரியும் பத்து வினாடியில் ஓடிப்போகின்றன.

இந்த இரண்டு வரியால் ஒரு குழு உடையப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெயர் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி ஆட்டுக்குட்டி வாங்க 10,000 ரூபாய் சங்கக் கடன் எடுத்தாள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல், பத்துத் தவணை. திருமங்கலம் சந்தைக்குப் போய்க் குட்டியும் வாங்கிவிட்டாள். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 100. பாக்கி 9,000. இரண்டாம் மாதம் அசல் 1,000, வட்டி 90. பாக்கி 8,000. மூன்றாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், கூட்டத்துக்கு வரவில்லை. நான்காம் மாதம் வந்தாள். இரண்டு மாதச் சந்தாவைத் தனியாகக் கொடுத்தாள். கடனுக்கு 2,000 ரூபாயை எண்ணி வைத்தாள். இரண்டு தவணையும் முடிந்தது, இனி 6,000 தான் பாக்கி என்று நினைத்து வீட்டுக்குப் போனாள்.

பாஸ்புக்கில் 6,180 என்று இருந்தது.

மறுநாள் காலை ஊர் மந்தையில் சண்டை. “ரெண்டாயிரம் கட்டினேன், நூத்தி எண்பது ரூபாயை எவ எடுத்தா?” என்று கேட்டாள். ஊக்குநர் அழுதுவிட்டார். கணக்கு சரிதான். வராததற்கு அபராதம் 20. மூன்றாம் மாதம் பாக்கி 8,000, அதற்கு வட்டி 80. நான்காம் மாதமும் அசல் குறையவில்லை, அதனால் இன்னொரு 80. ஆக 180 போக 1,820 தான் அசலில் கழிந்தது. அவள் 2,180 கொண்டு வந்திருந்தால் 6,000 ஆகியிருக்கும். கணக்கை விளக்கி முடித்ததும் அவள் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது: “இதை முதல்லயே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல அக்கா.” விதியை நாங்கள் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம். ஆனால் ‘நிலுவை வட்டி’ என்று வாசித்தபோது அவள் காதில் எதுவும் விழவில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது சேர வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வெளியே தனியார் நிதி நிறுவனங்களில் ‘குழு லோன்’ எடுத்துப் பழகியவர்கள். அங்கே தவணை கடைசிவரை ஒரே தொகை. அட்டையில் அடித்திருப்பதைக் கட்டினால் போதும், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கமே வருவதில்லை. நம்மிடம் தவணை 1,100, 1,090, 1,080 என்று மாதாமாதம் இறங்கும்போது, கணக்கு எழுதுகிறவள் தப்பாக எழுதுகிறாள் என்று சந்தேகம் வருகிறது. நாம் இறங்கும் அசலுக்கு வட்டி போடுவதால் பத்து மாதத்தில் அவள் கட்டும் வட்டி 550. கடைசிவரை பத்தாயிரத்துக்கே வட்டி போட்டால் 1,000 ஆகியிருக்கும். இதைச் சொன்னால் அவள் விதியை மதிப்பாள். வரைவு இதைத் தொடவே இல்லை.

அதனால் என் வேண்டுகோள்: மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை இந்த ஒரு கடனுக்குக் கொடுங்கள். விதியை வாசிக்காமல் பாஸ்புக் பக்கத்தைக் காட்டுங்கள். நான் எழுதிப் பார்த்த பகுதி இது.

காட்சி: பாஸ்புக் கடன் பக்கம், விரல் மட்டும் தெரிகிறது. விரல் 8,000 என்ற எண்ணில் நிற்கிறது.
குரல்: போன மாசம் நீங்க வரலை. அதனால இந்த எட்டாயிரம் அப்படியே நிக்குது. அதுக்கு அந்த மாசம் 80 ரூபா வட்டி, இந்த மாசம் 80 ரூபா வட்டி.
காட்சி: மேசையில் 2,000 ரூபாய், ஐந்நூறு ரூபாய்த் தாளோடு சில்லறைத் தாளும் கலந்து. ஒரு கை அதிலிருந்து 180 ரூபாயைப் பிரித்து ஓரமாக வைக்கிறது.
குரல்: நீங்க குடுத்த ரெண்டாயிரத்துல முதல்ல அபராதம் 20, அப்புறம் வட்டி 160. மிச்சம் 1,820 தான் அசலுக்குப் போகும்.
காட்சி: பாஸ்புக்கில் 6,180 என்று எழுதுகிறார்கள்.
குரல்: கட்டாத வட்டிக்கு நம்ம சங்கத்துல வட்டி கிடையாது. வர முடியலைன்னா பணத்தையாவது குடுத்து அனுப்புங்க, அசல் இறங்கிரும்.

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பணத்தைப் பிரிக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒரு நிமிடம் ஆகிறது. எண்களைக் குரல் சொல்லும்போது அதே எண் திரையில் நிற்கவேண்டும். காதால் மட்டும் கேட்ட எண் தங்காது. ‘குறைந்துவரும் அசல்’ என்ற சொல்லே வேண்டாம். ‘அசல் இறங்க இறங்க வட்டியும் இறங்கும்’ என்றால் போதும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வட்டியும் அபராதமும் ஒவ்வொரு குழுவும் தானே தீர்மானம் போட்டு வைப்பது. நம் கூட்டமைப்பிலேயே ஒன்றரை ரூபாய் வட்டி வைத்திருக்கிற குழு உண்டு. வீடியோவில் ஒரு ரூபாய் என்று கேட்டுவிட்டு வருகிறவள் அங்கே ஏமாந்துபோவாள். அதனால் இந்தக் கணக்கு தொடங்கும் முன்பே, “இது ஒரு உதாரணம், உங்க குழு வட்டியும் அபராதமும் எவ்வளவுன்னு தீர்மானப் புத்தகத்துல பாருங்க” என்ற வரி வரட்டும். அந்தப் புத்தகத்தையும் காட்டுங்கள். வீடியோவுக்கும் விதிக்கும் முரண் வந்தால் விதிதான் செல்லும் என்பதையும் நம் தீர்மானத்தில் எழுதிவிடுவோம். நாளை வட்டியை மாற்றினால் எந்தக் காட்சியைத் திருத்துவது என்று தேடாமல் இருக்க, ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் விதி எண்ணைக் குறித்து வைத்தால் நல்லது.

படம் எடுக்கும் முன் இந்த மாதம் சேர்ந்த இரண்டு பேரிடம் இதைப் படித்துக் காட்டுவோம். புரிந்ததா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். “இந்தக் கணக்குல ஒரு மாசம் தவறினா, ரெண்டு தவணையும் முடிய அடுத்த மாசம் எவ்வளவு கொண்டு வருவீங்க?” என்று கேளுங்கள். 2,180 என்று சொன்னால் எடுக்கலாம். 2,000 என்று சொன்னால் பணத்தைப் பிரிக்கும் காட்சியை இன்னும் நிதானமாக்கி எழுதித் தருகிறேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அந்தத் தங்கச்சியையும் கூட்டி வருகிறேன். அந்தப் பாஸ்புக்கைக் காட்டச் சம்மதித்திருக்கிறாள். காட்சியில் விரலும் தன் விரலாகவே இருக்கட்டும் என்கிறாள்.

உங்கள்
குழுக் கணக்கெழுத்தாளர்,
செக்கானூரணி