அந்தத் துண்டறிக்கையைத் திருத்துங்கள்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்ஸ் வாழ் புதுச்சேரித் தமிழர்களுக்காக இயங்கும் நம் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஜூலை 14 விழாவில் நீங்கள் கொடுத்த மஞ்சள் துண்டறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். இணையப் பந்தயத்தை விட நினைப்பவர்கள், ஆடும் தளத்தில் auto-exclusion என்ற பொத்தானை அழுத்தினால் போதும், அப்புறம் ஆடவே முடியாது என்று அதில் போட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாரிசுக்கு விமானம் ஏறினான். போய் இறங்கிய அன்றே பொத்தானையும் அழுத்தினான். எத்தனை நாள் என்று தளம் கேட்டதற்கு ஏழு என்று போட்டான்.

ஏழு நாளும் அந்தக் கணக்கு திறக்கவில்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு வேறு மூன்று தளங்களிலும் கணக்கு உண்டு, அவை திறந்தேதான் கிடந்தன. எட்டாம் நாள் அவன் பூட்டிவைத்த தளமும் தானாகத் திறந்துகொண்டது. அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டு வாடகைக்கு 900 யூரோ குறைகிறது என்றான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்ததற்கு அம்மாவுக்கு வரும் பென்ஷனில் இரண்டு மாதமாக மிச்சம் பிடித்து வைத்திருந்த பணம் அது. வங்கியில் படிவம் நிரப்பி, கைநாட்டு சரியில்லை என்று திரும்பி, மறுநாள் மறுபடி போய் அனுப்பிவைத்தார். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போய்வந்தார், ஆட்டோக்காசு மிச்சமாம்! அந்த 900 யூரோ ஒரே சனிக்கிழமைக் கால்பந்தில் போனது அவருக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் எழுதியது பொய் என்று சொல்லவில்லை. வேறொன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொல்லிவிட்டீர்கள். auto-exclusion என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது ஓர் இடைவேளைதான். ஒரு தளத்துக்கு மட்டும், ஆடுபவரே சில நாளோ சில மாதமோ என்று தேர்ந்தெடுப்பது. நாள் முடிந்தால் கதவு தானே திறக்கும். கோபம் தணிய வெளியே போய் நிற்பது போல. ஊரை விட்டுப் போவதற்கு அது ஈடாகாது.

நிஜமான விலக்கின் பெயர் interdiction volontaire de jeux. அதை எந்தப் பந்தயத் தளமும் நடத்துவதில்லை. பிரான்சின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையமான ANJ நடத்துகிறது, காசு வாங்குவதில்லை. குறைந்தது 3 ஆண்டு. நடுவில் மனம் மாறினாலும் எடுக்க முடியாது. 3 ஆண்டு ஆனதும் தானாக விலகாது, வேண்டாம் என்று பெயர் கொடுத்தவரே கேட்டால்தான் விலகும். பட்டியலில் பெயர் ஏறியபின் பிரான்சில் அனுமதி பெற்ற எல்லாப் பந்தயத் தளங்களும் அவருக்கு மூடப்படும். காசினோ வாசலில் அடையாள அட்டையைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு, அதையும் எழுதுங்கள். பிரான்சில் சிகரெட் விற்கும் தபா கடையில் சில்லறை கொடுத்துச் சுரண்டல் சீட்டு வாங்கினால் யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. அனுமதியில்லாத வெளிநாட்டுத் தளங்களும் பார்ப்பதில்லை. பிரான்சில் இணையக் காசினோவுக்கே அனுமதி கிடையாது. ஆகவே போனில் ஸ்லாட் மெஷின் சுழல்கிறதென்றால் அது இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் தளம் என்று கண்டுகொள்ளலாம்.

இன்னொன்று. தம்பிக்காக நானே விண்ணப்பிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. அவன்தான் கேட்க வேண்டும், அக்காவோ அம்மாவோ கேட்டு நடக்காது. ஆகவே அவன் மனது வைக்கும் அந்த ஒரு நாளில் கையில் சரியான தாள் இருக்க வேண்டும். அன்று அவன் கையில் இருந்தது உங்கள் மஞ்சள் தாள்.

அதே விழாவுக்குச் சாப்பாட்டுப் பட்டியலை மூன்று முறை திருத்தி அச்சடித்தீர்கள். பிரியாணிக்கு முன்னால் ‘மட்டன்’ விட்டுப்போயிற்று என்று இரவோடு இரவாக வேறு தாள் வந்தது. தலைவர் படம் இரண்டாம் பதிப்பில் இன்னும் தெளிவாகவே இருந்தது. மொழிபெயர்த்துத் தர ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், வாழ்த்துரை நான்கு பக்கம் இரண்டு மொழியிலும் இருந்ததே.

சரி, கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்தத் துண்டறிக்கையைத் திருத்தி அச்சடிப்பது ஒன்றுதான். இடைவேளை வேறு, விலக்கு வேறு என்று தமிழில் இரண்டு வரி, ANJ பெயர், 3 ஆண்டு என்ற கணக்கு, தபா கடை எச்சரிக்கை. கீழே, சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கு உதவும் Joueurs Info Service எண்ணையும் போடுங்கள்: 09 74 75 13 13. பழைய தாள் யாரிடமாவது இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி போன வாரம் ANJ-இல் பதிந்துவிட்டான். அச்சுக்கூலி பிரச்சினை என்றால் சொல்லுங்கள், முதல் நூறு தாளுக்கு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அக்கா