‘இடம் திருகினால் உயிர்’ என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள்: தீயணைப்புப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு, வணக்கம்.

ஹோஸ் முனையிலுள்ள நாசிலின் தலைவளையத்தை வலப்பக்கம் திருகினால் நேர்த்தாரை, இடப்பக்கம் திருகினால் சிறு துளிகளாக விரியும் ஃபாக். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் இருக்க ஒரு வாசகம் சொல்லிக் கொடுக்கிறோம்: வலம் திருகினால் போர், இடம் திருகினால் உயிர். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருடம் அதையே சொல்லிக் கொடுத்தேன். அதன் இரண்டாம் பாதியை அறைத் தீக்குச் சொல்லித் தராதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வீட்டின் நடைபாதைக் கடைசியில் படுக்கையறை எரிந்துகொண்டிருந்தது. அறை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இருக்கும், சன்னல் மூடியிருந்தது. நான் நாசில் பிடித்திருந்தேன், பின்னால் ஒருவர் ஹோஸைத் தாங்கி வந்தார். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. மண்டைக்குள் அந்த வாசகம்தான் ஓடியது. வளையத்தை இடப்பக்கம் முழுக்கத் திருகி, அகலமாக விரித்துத் திறந்தேன். முதல் விநாடி இதமாகத்தான் இருந்தது, முன்னால் குடை பிடித்த மாதிரி. இரண்டாம் விநாடி முதுகுப் பக்கமிருந்து காற்று இழுத்தது. மூன்றாம் விநாடியில் வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்ததுபோல எல்லாம் எங்கள் மேல் திரும்பி வந்தது. எனக்குக் காதுமடல் வெந்தது. பின்னால் இருந்தவருக்குக் கழுத்துப்பட்டை சரியாக மூடவில்லை, அவருக்குக் கழுத்து முழுக்கக் கொப்புளம். தீயோ அணையவில்லை.

அன்று ‘நீராவி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். ஆனால் தண்ணீர் எங்கே ஆவியாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த அறையையே கணக்குப் போடுவோம். கூரையிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே வரை சூடான புகை தேங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 24 கன மீட்டர். 600 டிகிரியில் இருந்தால் அதன் எடை பத்துக் கிலோவுக்குள்தான். அதை 200 டிகிரிக்கு இறக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒவ்வொரு துளியும் புகைக்குள்ளேயே ஆவியானால் ஒன்றரை லிட்டர் போதும். நிமிடத்துக்கு 500 லிட்டர் விடும் நாசிலில் அது கால் விநாடிகூட இல்லை.

இப்போது கன அளவைப் பாருங்கள். குளிர்ந்த புகை சுருங்கி 13 கன மீட்டர் ஆகிவிடும். ஒன்றரை லிட்டரிலிருந்து வந்த ஆவி சுமார் மூன்றேகால் கன மீட்டர். கூட்டினால் பதினாறேகால். முதலில் இருந்தது 24. ஆக மொத்தத்தில் குறைந்திருக்கிறது. புகைமட்டம் மேலே ஏறும், நம் மேல் எதுவும் வராது. ‘தண்ணீர் ஆவியானால் 1,700 மடங்கு பெருகும், அதனால் வெந்துபோவோம்’ என்று பாதியை மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். புகை சுருங்குகிற மீதிப் பாதியைச் சொல்வதில்லை.

அதே தண்ணீர் புகையைத் தாண்டிப் போய்க் கொதிக்கும் சுவரிலும் கூரையிலும் பட்டு ஆவியானால் கணக்கு தலைகீழ். சூடு சுவரிலிருந்து எடுக்கப்பட்டது, புகை அவ்வளவாகக் குளிரவில்லை, சுருங்கவும் இல்லை. அதன்மேல் ஆவியும் சேர்கிறது. ஒரு லிட்டருக்கு 100 டிகிரியில் 1.7 கன மீட்டர், அந்த ஆவி 600 டிகிரி வரை சூடானால் நான்கு கன மீட்டர் வரை. நான் மூன்று விநாடி திறந்து வைத்திருந்தேன், ஏறத்தாழ 25 லிட்டர். அதில் பாதி சுவரிலும் கூரையிலும் ஆவியாகியிருந்தால்கூட 20 கன மீட்டருக்கு மேல். சன்னல் மூடியிருக்கிறது, வெளியேற ஒரே வழி நான் மண்டியிட்டிருந்த கதவு. அப்புறம் எங்கே போகும்?

ஆவி ஒன்று, காற்று இன்னொன்று. ஃபாக் தாரை ஒரு மின்விசிறி மாதிரி. ஆயிரக்கணக்கான சிறு துளிகள் கூடவே காற்றை இழுத்துக்கொண்டு போகும். அசையாமல் பிடித்த நேர்த்தாரை இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதையே வட்டமாகச் சுழற்றினால் அதுவும் நிறைய இழுக்கும். அமெரிக்காவில் யூ.எல். நிறுவனத்தின் தீ ஆய்வுக் குழு இதை அளந்தே காட்டியிருக்கிறது. வெளியேற வழியில்லாத அறைக்குள் ஃபாக்கால் காற்றைத் தள்ளினால், உள்ளே போன அளவு கூரையோரமாகச் சூட்டோடு திரும்பி வரும். என் முதுகில் இழுத்தது அந்தக் காற்றுதான்.

ஃபாக் தப்பான கருவி என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் நகரத் தீயணைப்புத் தலைவராக இருந்த லாய்ட் லேமன் 1950-இல் ஃபாக் முறையை எடுத்துச் சொன்னபோது, அவர் சொன்னது மூடிய, ஆளில்லாத அறைக்குள் வெளியே நின்று அடிப்பதைப் பற்றி. ஆவி அறையை நிரப்பித் தீயை அடக்கும், வீரர் வெளியே இருப்பார். பின்னால் வந்தவர்கள் முறையை எடுத்துக்கொண்டு ‘வெளியே’ என்பதை விட்டுவிட்டார்கள். 1980-களில் சுவீடனின் கிசெல்சன், ரோசாண்டர் இருவரும் ஃபாக்கை உள்ளே கொண்டுவந்தார்கள், ஆனால் அரை விநாடித் துடிப்புகளாக, சுவரில் படாமல் புகைக்குள் மட்டும். மேலே போட்ட ஒன்றரை லிட்டர் கணக்கு அவர்களுடைய வழிதான். வாசகத்தில் உள்ள ‘உயிர்’, திறந்தவெளியில் கசிந்து எரியும் எரிவாயு வால்வை மூடப்போகும்போது பொருந்தும். அங்கே விரித்த ஃபாக் கதிர்வெப்பத்தை மறைக்கும், ஆவி வானத்துக்குப் போய்விடும். அறைக்கு வானம் இல்லை.

சரி, அறைத் தீயை எப்படி அணுகச் சொல்லித் தர வேண்டும்? என் கருத்து இது.

கதவுக்கு வருவதற்கு முன்பே, வெளியே வைத்து நாசிலை முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும். ஹோஸில் இருக்கும் காற்று போகட்டும், அழுத்தம் தெரியட்டும், தாரையின் வடிவத்தைக் கண்ணால் பார்க்கட்டும். நாசிலைத் தரையில் இழுத்து வரும்போது வளையம் தானாகத் திரும்பிக்கொள்வது நிறைய நடக்கிறது. புகைக்குள் போய்த் திறந்து ஃபாக் என்று கண்டுபிடிப்பதைவிட வாசலில் கண்டுபிடிப்பது நல்லது. வளையமே இல்லாத, நேர்த்தாரை மட்டும் விடும் ஸ்மூத் போர் முனையில் இந்தத் தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 600 லிட்டர் விடும்போது 7 பார் ஃபாக் நாசில் சுமார் 37 கிலோ பின்னுக்குத் தள்ளும், 22 மில்லிமீட்டர் ஸ்மூத் போர் 3.5 பாரில் சுமார் 27 கிலோ. நாசில் பிடிக்கிற பிள்ளையைக் கேளுங்கள், அந்தப் பத்துக் கிலோ வித்தியாசம் என்ன என்று சொல்வான். ஆனால் ஸ்மூத் போரில் துடிப்பு அடிக்க முடியாது. எதை வாங்குவது என்பது இந்த மடலின் வழக்கு அல்ல.

மூடிய கதவின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சூடான மேல்பகுதி உடனே காய்ந்துவிடும், ஈரம் நிற்கும் கோட்டுக்கு மேலேதான் புகைமட்டம். கதவை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாண் மட்டும் திறக்க வேண்டும். புகை நிதானமாக மேலே வெளியேறி, கீழே காற்று உள்ளே போனால் தொடரலாம். புகை மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே இழுத்தால் மூடிவிட்டு விலக வேண்டும், அது வெடிப்புக்கு முந்தைய நிலை.

பிறகு வாசலிலேயே தாழ்ந்து இருந்துகொண்டு, நேர்த்தாரையைக் கூரையை நோக்கி விட வேண்டும். தாரை கூரையில் மோதிப் பெரிய துளிகளாகச் சிதறி எரியும் பொருள்கள் மேல் விழும். ஒரு சுவரின் உச்சியிலிருந்து கூரை வழியாக மறுசுவரின் உச்சி வரை போய்த் திரும்பினால் அறை முழுக்க நனையும். பத்துப் பதினைந்து விநாடி போதும். காதால் கேட்கச் சொல்லுங்கள்: காரைக் கூரையில் மோதும்போது பறை அடிப்பதுபோல் தடதடவென்று கேட்கும், தாரை சன்னல் வழியாக வெளியே போனால் அந்தச் சத்தம் நின்றுவிடும். கறுப்புப் புகை சாம்பல் வெள்ளையாக மாறினால் சூடு இறங்குகிறது. அப்புறம் நகரலாம், நகரும்போது தண்ணீரை நிறுத்தக் கூடாது. மூடிவிட்டு நடப்பதுதான் பழைய தப்பு.

நேர்த்தாரையாலும் ஆவி வரும், பார்வை மறையும். கட்டில் மறைவில் எரிவதை வாசலிலிருந்து தொட முடியாது. நீண்ட நடைபாதையில் தலைக்கு மேல் தொங்கும் புகையை அது அவ்வளவாகக் குளிர்விக்காது, கூரையில் மோதவிட்டால்தான் ஓரளவு. அங்கே 60 டிகிரி அகலத்தில் அரை விநாடித் துடிப்பு நல்ல வேலை செய்யும். துடிப்புக்குப் பிறகு ஹெல்மெட்டில் துளிகள் சொட்டினால் புகை குளிர்ந்துவிட்டது, எதுவுமே கீழே விழாவிட்டால் மேலே இன்னும் கொதிக்கிறது.

தீ அடங்கிய பிறகு ஃபாக்குக்கு நிஜமான வேலை இருக்கிறது. சன்னலுக்குச் சற்று உள்ளே நின்று, திறப்பில் பத்தில் ஒன்பது பங்கை நிரப்புமாறு வெளியே பீய்ச்சினால், புகையையும் ஆவியையும் அதே விசிறி வெளியே தள்ளும். அன்று என்னைச் சுட்ட அதே இழுவை அங்கே நமக்கு உதவுகிறது.

இதில் நம்பிக்கை இல்லாதவர்கள் தீயே இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். சன்னல் திறந்த ஒரு காலி அறையின் வாசல் நிலையில் ஒரு முழத் துணி நாடாவைத் தொங்கவிடுங்கள். வாசலில் மண்டியிட்டு நேர்த்தாரையை அசைக்காமல் திறங்கள், நாடா பெரிதாக அசையாது. அடுத்து வளையத்தை இடப்பக்கம் முழுக்கத் திருகுங்கள். நாடா எந்தப் பக்கம் பறக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் சன்னலை மூடிவிட்டு இன்னொரு முறை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு நாசில்காரன்