ஈரத்தலையும் சளியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்கால உடல்நலம் பற்றிய தங்கள் கட்டுரை, குழந்தைகளை மழையில் நனைய விட்டாலும் ஈரத்தலையோடு படுக்க விட்டாலும் சளி பிடிக்கும் என்கிறது. சளிக்குக் காரணம் வைரஸ், பெரும்பாலும் ரைனோவைரஸ். அது உள்ளே போகாமல் ஈரம் மட்டும் சளியை உண்டாக்காது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கியது. அங்கே தன்னார்வலர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, துவட்டாமல் காற்று வீசும் நடைக்கூடத்தில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு ஈரக் காலுறையோடு இருக்கச் சொன்னார்கள். வைரஸ் கொடுக்காமல் இப்படிக் குளிரில் மட்டும் வாட்டியவர்களுக்குச் சளி வரவில்லை.

2005-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தவர்களில், அப்படி வைக்காதவர்களைவிடக் கூடுதலானோர் அடுத்த சில நாளில் சளித் தொல்லை என்றார்கள். ஆனால் அவர்களுக்கு வைரஸ் பரிசோதனை செய்யப்படவில்லை. மூக்கில் ஏற்கெனவே இருந்த தொற்றைக் குளிர் தூண்டியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

சந்தேகம் வந்தால் நாள்களை எண்ணிப் பாருங்கள். வைரஸ் புகுந்து அறிகுறி தெரிய பொதுவாக 1 முதல் 3 நாள் ஆகும். செவ்வாய் மாலை நனைந்த பிள்ளை அன்றிரவே தொண்டை வலிக்கிறது என்றால், ஞாயிறு, திங்கள் வாக்கிலேயே தொற்றியிருக்கும். பக்கத்தில் யார் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள் என்று விசாரிப்பதுதான் பொருத்தம். குளிர்காற்று பட்டதும் மூக்கில் தண்ணீராக ஒழுகி, உள்ளே வந்த சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் அது தொற்றே இல்லை. காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்த மூக்கு செய்யும் வேலை அது.

மழைக்காலத்தில் சளி கூடுவது உண்மைதான். சாரல் அடிக்கிறதென்று வகுப்பிலும் பேருந்திலும் சன்னலைச் சாத்திவிடுகிறோம். ஒருவர் தும்மியது அந்த அறைக்குள்ளேயே சுற்றுகிறது. இன்னொரு வழி கை. மூக்கைத் துடைத்த கை கதவுப் பிடியைத் தொடுகிறது, அதை அடுத்தவர் தொட்டு, தன் கண்ணையோ மூக்கையோ தேய்க்கிறார். கையில் ரைனோவைரஸ் ஓரிரு மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே சளி பிடித்தவர் மூக்கைச் சிந்திய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். விரலிடுக்கையும் கட்டைவிரலையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே கைக்குட்டையால் இரண்டு பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கக் கூடாது. சாரல் படாத பக்கத்துச் சன்னலையாவது திறந்து வையுங்கள்.

நனைந்த பிள்ளைக்குத் தலை துவட்டி உடை மாற்றுவது அவசியமே, கைக்குழந்தையின் உடல் சீக்கிரம் சில்லிட்டுவிடும். ஆனால் சளிக்குப் பயந்து வாரக்கணக்கில் தலைக்கு ஊற்றாமல் இருக்கவும், கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து சளியைவிடப் பெரிது.

குழந்தைநல மருத்துவர்,
தஞ்சாவூர்.